வருமான வரி அதிகாரியுடன் வீடியோ விசாரணை: ஷோ காஸ் நோட்டீஸ் வந்தது முதல் ஆர்டர் வரும் வரை

வங்கிக் கணக்கில் ரொக்கம் கட்டியதற்காக ஸ்க்ரூட்டினியில், அதாவது வரித்துறையின் விரிவான ஆய்வில், சிக்குபவர்கள் இன்று வருமான வரி அலுவலகப் படியேற வேண்டியதில்லை. வழக்கு ஃபேஸ்லெஸ் முறையில் நடக்கிறது. கேள்வி போர்ட்டலில் வருகிறது, பதிலும் போர்ட்டலிலேயே போகிறது. உங்கள் கோப்பைப் பார்க்கும் அதிகாரி ஜெய்ப்பூரில் இருக்கலாம், கொல்கத்தாவில் இருக்கலாம். அவர் பெயர் உங்களுக்குத் தெரியாது. அவருடன் வாய்விட்டுப் பேசக் கிடைக்கும் ஒரே இடம் வீடியோ கான்ஃபரன்ஸ் விசாரணை. அதுவும் பெரும்பாலும் அரை மணி நேரம்தான்.

அந்த அரை மணி நேரத்துக்கு எப்படித் தயாராவது என்பதை ஒரு உதாரண வழக்கை வைத்துக்கொண்டே பார்ப்போம். தேனிப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் தவிர, சொந்தமாக மூன்று ஏக்கரில் வாழைத் தோட்டம். 2023-24 நிதியாண்டில் சேமிப்புக் கணக்கில் மொத்தம் 13,40,000 ரூபாய் ரொக்கம் கட்டியிருக்கிறார். சேமிப்புக் கணக்குகளில் ஆண்டுக்கு 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினால் வங்கி அதை வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அப்படித்தான் வழக்கு தேர்வானது. ஆய்வுக்கு எடுத்ததாகச் சொல்லும் 143(2) நோட்டீஸ் வந்தது, விவரம் கேட்கும் 142(1) கேள்விகள் வந்தன, கடைசியில் ஷோ காஸ் நோட்டீஸ். 'இந்தத் தொகை முழுவதையும் 69ஏ பிரிவின்கீழ் விளக்கமில்லாத பணமாக ஏன் சேர்க்கக் கூடாது?' என்று அதில் கேட்டிருந்தது.

69ஏ என்றால் வரி சாதாரண ஸ்லாபில் வராது. அந்த ஆண்டுக்கு 115பிபிஇ பிரிவின்படி 60 சதவீத வரி, அதன்மேல் 25 சதவீத சர்சார்ஜ், அதற்கும் மேல் 4 சதவீத செஸ். கூட்டினால் 78 சதவீதம். 13,40,000-க்கு 10,45,200 ரூபாய். வட்டியும் அபராதமும் தனி. ஆகவே 'பேசிப் பார்த்துக்கொள்ளலாம்' என்று வெறுங்கையோடு போய் உட்காரும் இடம் இதுவல்ல.

முதலில் நோட்டீஸ் உண்மையானதா என்று பாருங்கள்

மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்த வேண்டாம். incometax.gov.in தளத்துக்கு நீங்களே போய், முகப்பில் உள்ள `Authenticate notice/order issued by ITD` என்ற இடத்தில் நோட்டீஸில் இருக்கும் டின் எண்ணை, அதாவது அந்த ஆவணத்தின் அடையாள எண்ணை, போட்டுச் சரிபாருங்கள். பிறகு லாகின் செய்து `Pending Actions`, அதற்குள் `e-Proceedings` போனால் அதே நோட்டீஸ் அங்கே இருக்க வேண்டும். வீடியோ விசாரணைக்கான தேதியும் இந்தப் போர்ட்டல் கணக்கில் தெரிய வேண்டும். வாட்ஸ்ஆப்பில் லிங்க் அனுப்பி, 'அதிகாரி பேசுகிறார், உடனே வீடியோவில் வாருங்கள்' என்று யாராவது அழைத்தால் அது மோசடி.

இன்னொன்றையும் நோட்டீஸிலேயே பார்த்துவிடுங்கள். வீடியோவில் நடப்பதெல்லாம் ஒரே வகை அல்ல. ஷோ காஸ் நோட்டீஸுக்குப் பிறகு நாமே கேட்டு வாங்குவது விசாரணை. அங்கே நாம் நம் தரப்பை எடுத்துச் சொல்கிறோம். துறையின் சரிபார்ப்புப் பிரிவான வெரிஃபிகேஷன் யூனிட் நம்மை அழைத்து வாக்குமூலம் பதிவு செய்வதும் வீடியோவில்தான் நடக்கும், ஆனால் அது வேறு. அங்கே அவர்கள் கேட்பார்கள், நாம் சொல்வது நம் வாக்குமூலமாகப் பதிவாகும். இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியது.

எழுத்துப் பதில் முன்னால், விசாரணை பின்னால்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 'எப்படியும் வீடியோவில் பேசப் போகிறோமே, எல்லாவற்றையும் அங்கே சொல்லிக்கொள்ளலாம்' என்று ஷோ காஸுக்கு இரண்டு வரி பதில் போட்டுவிட்டு விசாரணை கேட்கிறார்கள். மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் நடைமுறை விதிகளே, எழுத்துப் பதில் வந்த பிறகுதான் பொதுவாக விசாரணை என்று எண்ணி எழுதப்பட்டவை. அதிகாரியும் உங்கள் பதிலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுவார். அதில் ஒன்றுமே இல்லையென்றால் நீங்கள் சொல்வதைப் பொருத்திப் பார்க்க அவருக்கு எதுவும் இருக்காது.

ஆகவே முழுப் பதிலையும் ஆவணங்களோடு கெடு தேதிக்குள் ஏற்றிவிடுங்கள். அதன் முடிவில், 'ஆர்டர் போடுவதற்கு முன் 144பி(6) பிரிவின்படி வீடியோ வழியாக நேர்முக விசாரணை தர வேண்டுகிறேன்' என்று ஒரு பத்தி எழுதுங்கள். போர்ட்டலில் அந்த நோட்டீஸின் பக்கத்திலேயே வீடியோ கான்ஃபரன்சிங் கேட்கும் பொத்தானும் இருக்கும். அதையும் அழுத்திக் கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். இரண்டும் வேண்டும். சில சமயம் பொத்தான் வேலை செய்யாது, சில சமயம் தெரியவே தெரியாது. அப்போது பதிலில் எழுதிய பத்திதான் நீங்கள் கேட்டதற்குச் சான்று. பொத்தான் இல்லாத திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து samadhan.faceless.assessment@incometax.gov.in முகவரிக்கும் அனுப்பி வையுங்கள். ஃபேஸ்லெஸ் மதிப்பீட்டுக் குறைகளுக்கென்றே துறை வைத்திருக்கும் முகவரி அது.

2022-க்கு முன் விசாரணை தருவதா வேண்டாமா என்பதற்கு மேலதிகாரியின் ஒப்புதல் தேவைப்பட்டது. அந்த ஆண்டு நிதிச் சட்டம் 144பி பிரிவை மாற்றி எழுதியதில், கேட்டால் அனுமதிக்க வேண்டும் என்று வந்துவிட்டது. ஆனால் கேட்க வேண்டியது நாம்தான். கேட்காதவருக்கு அவர்களாகக் கூப்பிட்டுத் தர மாட்டார்கள்.

2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கான மதிப்பீடுகள் 1961 சட்டப்படியேதான் முடிக்கப்படும். ஆசிரியையின் வழக்குக்கும் பழைய பிரிவு எண்கள்தான்.

கால நெருக்கடியையும் மனத்தில் வையுங்கள். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் ஆர்டர் போட்டாக வேண்டும். ஆசிரியையின் வழக்கில் மதிப்பீட்டு ஆண்டு 2024-25, கடைசி நாள் 2026 மார்ச் 31. அதனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஷோ காஸ் குவியும். பதிலுக்கு ஒரு வாரம்தான் கிடைக்கும், விசாரணைத் தேதி ஓரிரு நாள் முன்புதான் தெரியவரும். மார்ச் மூன்றாவது வாரத்தில் தேதியைத் தள்ளி வைக்கக் கேட்பது ஆபத்து. கொடுத்த தேதியும் போய், புதுத் தேதியும் வராமல் ஆர்டர் வந்து நிற்கும்.

பணத்தைப் பிரியுங்கள், பிறகு ஆவணம் தேடுங்கள்

மொத்தத் தொகைக்கு ஒரே விளக்கம் எழுதுவது பெரிய தவறு. 'இது என் சேமிப்பும் விவசாய வருமானமும்' என்று ஒரு வரியில் சொன்னால் ஒட்டுமொத்தமாக நிராகரிக்க அது வசதியாகிவிடும். ஒவ்வொரு டெபாசிட்டையும் தனியாக எடுத்து, தேதி, தொகை, எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கத்தில் ஆதாரம் என்று எழுத வேண்டும். ஆசிரியையின் 13,40,000 இப்படிப் பிரிந்தது.

2023 மே 12-இல் கட்டிய 4,00,000. அதே கணக்கிலிருந்து ஏப்ரல் 20-இல் 4,50,000 எடுத்திருக்கிறார், ஒரு மனைக்கு முன்பணம் கொடுக்க. பேச்சு முறிந்தது, பணம் 22 நாளில் திரும்பி வந்தது. இதற்கு வங்கி ஸ்டேட்மென்ட்டே போதும், இரண்டு வரிகளையும் ஹைலைட் செய்தால் கண்ணில் படும். மனை பேசியதற்கு ஏதாவது கடிதம் இருந்தால் கூடுதல் பலம்.

ஆகஸ்ட் 8-இல் 1,90,000, செப்டம்பர் 20-இல் 1,50,000. இரண்டும் வாழைத்தார் விற்ற பணம். இங்கே முக்கியமான கேள்வி, ரிட்டர்னில் விவசாய வருமானம் காட்டினாரா என்பது. காட்டியிருந்தார், 3,60,000 ரூபாய். காட்டாமல் இருந்திருந்தால் இந்தப் பகுதியே ஆட்டம் கண்டிருக்கும். ஆதாரமாகச் சிட்டா, அந்தப் பசலியின் அடங்கல், வியாபாரி கொடுத்த ரசீதுகள், உரக்கடை பில்கள். அடங்கலில் வாழை என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடங்கலில் நெல் என்றும் ரசீதில் வாழை என்றும் இருந்தால் அதிகாரியின் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

2024 ஜனவரி 9-இல் 3,00,000. வீட்டு மராமத்துக்காக அண்ணன் கொடுத்த கைமாற்று, ரொக்கமாக. இதற்கு அண்ணனின் உறுதிமொழிக் கடிதம், அவருடைய பான், ரிட்டர்ன், அவர் கணக்கிலிருந்து பணம் எடுத்த ஸ்டேட்மென்ட் பக்கம் ஆகியவை வேண்டும். கொடுத்தவர் யார், அவருக்கு வசதி உண்டா, கொடுத்தது உண்மையா என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

மார்ச் 4-இல் 3,00,000. இரண்டு ஆண்டாக ஏடிஎம்மில் எடுத்ததில் மிச்சம் பிடித்து வீட்டில் வைத்திருந்தது என்கிறார். இதுதான் பலவீனமான பகுதி. இரண்டு ஆண்டு எடுத்த பணத்தை மாதவாரியாக ஒரு தாளில் எழுதி, வீட்டுச் செலவுக்குக் கணவர் கணக்கிலிருந்து போனது எவ்வளவு என்பதையும் பக்கத்தில் காட்டலாம். அதற்கு மேல் ஆதாரம் இல்லை. இல்லாததைத் தயார் செய்யப் போக வேண்டாம். ஒரு போலி ரசீது அகப்பட்டால் நல்ல ஆதாரங்களும் சேர்ந்து மதிப்பிழக்கும்.

கோப்புகளை அதிகாரி திறக்கும்படி வையுங்கள்

விசாரணையில் நீங்கள் ஒரு தாளைக் கேமரா முன் தூக்கிக் காட்டினால் அங்கே வெள்ளையாக ஒரு சதுரம்தான் தெரியும். ஸ்க்ரீன் ஷேர் செய்ய அனுமதி கிடைக்கும் என்றும் நம்ப முடியாது. ஆகவே எல்லாம் முன்கூட்டியே போர்ட்டலில் ஏறியிருக்க வேண்டும். நீங்கள் 'பக்கம் 14' என்றதும் அவர் அங்கே போக முடிய வேண்டும். இதற்காக எல்லா ஆவணங்களுக்கும் சேர்த்து ஒரே தொடர் எண், ஒவ்வொரு பக்கத்தின் மேல் வலது மூலையில். முதலில் ஒரு பக்க அட்டவணை. கோப்புப் பெயர் இப்படி இருந்தால் போதும்:

```
01_Index_and_Chart.pdf
02_Bank_Statement_p3-p12.pdf
03_Agri_Income_p13-p24.pdf
04_Brother_Loan_p25-p31.pdf
05_ATM_Withdrawals_p32-p36.pdf
```

பெயரில் தமிழ் எழுத்து, கமா, ஆம்பர்சாண்ட் எதுவும் வேண்டாம், ஏற்றும்போது தகராறு செய்யும். ஒரு கோப்பை 5 எம்பிக்குள் வையுங்கள். 150 முதல் 200 டிபிஐ-யில் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்தால் ஸ்டேட்மென்ட் தெளிவாகவும் இருக்கும், அளவும் அடங்கும். போனில் படம் எடுத்து அப்படியே பிடிஎஃப் ஆக்கினால் ஒரு பக்கமே மூன்று எம்பி ஆகிவிடும். ஏற்றிய பிறகு வரும் அக்னாலட்ஜ்மென்ட்டைத் தரவிறக்கிப் பத்திரப்படுத்துங்கள்.

சிட்டாவும் அடங்கலும் தமிழில் இருக்கும். வடக்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அது வெறும் கோலம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு பக்க ஆங்கில மொழிபெயர்ப்பு வையுங்கள். சர்வே எண், பரப்பு, பயிர், பட்டாதாரர் பெயர் ஆகிய நான்கும் இருந்தால் போதும். கையெழுத்து ரசீதுகளுக்கும் இதையே செய்யுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஆதாரம் கோப்பில் இருந்தும் படிக்க முடியாமல் போனால் என்ன பயன்?

யார் பேசுவது, எந்த மொழியில்

விசாரணை ஆங்கிலத்திலோ இந்தியிலோ நடக்கும். தமிழ் தெரிந்த அதிகாரி வாய்த்தால் அதிர்ஷ்டம், அதை எண்ணித் திட்டமிடக் கூடாது. ஆங்கிலத்தில் சரளமாக வாதிட முடியாது என்றால் ஆடிட்டரையோ வழக்கறிஞரையோ பேச வைப்பதே நல்லது. சட்டப்படி உறவினரும் உங்கள் பிரதிநிதியாக வரலாம். யார் பேசினாலும் அதற்கான அதிகாரக் கடிதத்தில் கையெழுத்திட்டு முன்கூட்டியே போர்ட்டலில் ஏற்றி, அவரைப் பிரதிநிதியாகச் சேர்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'நீங்கள் யார்?' என்ற கேள்வியிலேயே பத்து நிமிடம் போய்விடும்.

ஆடிட்டர் பேசினாலும் நீங்களும் பக்கத்தில் இருங்கள். பிரிவு எண்ணும் சட்டமும் அவருக்குத் தெரியும். தோட்டத்தில் தார் எந்த மாதம் வெட்டினோம், அண்ணன் எதற்காகப் பணம் தந்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்தக் கேள்வி வந்தால் நீங்கள் சுருக்கமாகத் தமிழில் சொல்லி, அவர் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வதாக முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு

லேப்டாப்பே நல்லது. போனில் பேசிக்கொண்டே கோப்பைப் புரட்ட முடியாது. முடிந்தால் ரவுட்டரிலிருந்து நேராக லேன் கேபிள் போடுங்கள், இல்லையென்றால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். வேகத்தைச் சோதிக்கும்போது எல்லோரும் டவுன்லோடு எண்ணைப் பார்க்கிறார்கள். உங்கள் குரலும் முகமும் அங்கே போவது அப்லோடில்தான். அது நிலையாக 2 அல்லது 3 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம்.

மின்வெட்டை மறக்காதீர்கள். லேப்டாப்பில் பேட்டரி இருந்தாலும் ரவுட்டர் அணைந்துவிடும். அதற்கு வேறு நிறுவனத்தின் சிம் போட்ட ஒரு போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். லேப்டாப்பை அந்த ஹாட்ஸ்பாட்டில் முந்தின நாளே ஒருமுறை இணைத்துவிட்டால் பாஸ்வேர்ட் தேடும் வேலை இருக்காது. முந்தின நாளே செய்ய வேண்டிய இன்னொரு வேலை, விசாரணை லிங்க்கைத் திறந்து அது எந்தச் செயலியைக் கேட்கிறது, மைக்குக்கும் கேமராவுக்கும் பிரவுசரில் அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது. வாட்ஸ்ஆப் வெப், விண்டோஸ் அப்டேட் போன்றவற்றை நிறுத்தி வையுங்கள். காதில் மைக் உள்ள ஹெட்செட் போட்டால் மின்விசிறிச் சத்தம் போகாது.

உங்கள் பெயராகத் திரையில் தெரிவது பான் அட்டையில் உள்ள பெயராக இருக்கட்டும். பிள்ளையின் லேப்டாப்பில் உட்கார்ந்து, அவன் ஆன்லைன் வகுப்புக்கு வைத்த பெயரிலேயே நுழைந்தால் உள்ளே விடத் தயங்குவார்கள். பான், ஆதார் அசல்களை மேசையில் வையுங்கள், தொடக்கத்தில் காட்டச் சொல்லலாம். பதினைந்து நிமிடம் முன்பே லிங்க்கில் காத்திருங்கள். அந்தப் பக்கம் கேமரா இல்லாமல் குரல் மட்டும் வந்தாலும் பதற வேண்டாம்.

இணைப்பு அறுந்தால் உடனே மீண்டும் நுழையப் பாருங்கள். உள்ளே விடவில்லை என்றால், நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அடுத்த சில நிமிடங்களிலேயே போர்ட்டலில் பதிலாக ஏற்றுங்கள். 'இன்று 11.10-க்கு இணைப்பு துண்டிக்கப்பட்டது, 11.12 முதல் 11.30 வரை மீண்டும் முயன்றேன், மாற்று நேரம் தர வேண்டுகிறேன்' என்று எழுதினால் போதும். மறுநாள் காலை எழுதினால் ஆர்டரில் 'வரி செலுத்துவோர் ஆஜராகவில்லை' என்று ஏறிவிடக்கூடும்.

என்ன சொல்வது

முதல் ஒரு நிமிடத்தை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். பெயர், மதிப்பீட்டு ஆண்டு, ஷோ காஸ் நோட்டீஸ் தேதி, பதில் ஏற்றிய தேதி, அக்னாலட்ஜ்மென்ட் எண். அதன்பிறகு நேராக விஷயம்: 'நோட்டீஸில் 13,40,000 சேர்க்க உத்தேசம் என்றிருக்கிறது. அது ஐந்து டெபாசிட்கள், நான்கு வகை ஆதாரம். ஒவ்வொன்றாகப் பக்க எண்ணோடு சொல்கிறேன்.' இவ்வளவு போதும். குடும்பக் கதை, துறையின்மேல் உள்ள வருத்தம், 'இத்தனை வருடம் ஒழுங்காக வரி கட்டினேன்' போன்றவை நேரத்தைத் தின்னும். வாரியத்தின் நடைமுறைப்படி சாதாரணமாக 30 நிமிடம்தான், கேட்டால் நீட்டிக்கலாம்.

பலமான பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஆசிரியையின் வழக்கில் மே 12 டெபாசிட்: 'பக்கம் 4-இல் ஏப்ரல் 20-ஆம் தேதி எடுத்த 4,50,000, பக்கம் 5-இல் மே 12-இல் திரும்பக் கட்டிய 4,00,000. இடையில் 22 நாள். இந்தப் பணம் வேறு எதற்கும் செலவானதாகக் கோப்பில் எந்தத் தகவலும் இல்லை.' இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் பக்கம் புரட்டட்டும். 'பார்த்துவிட்டீர்களா சார், அடுத்ததற்குப் போகலாமா?' என்று கேட்டுவிட்டு நகருங்கள். நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனால் அவர் இன்னும் முதல் பக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

இப்போது அந்தக் கண்ணி. அண்ணன் தந்த 3,00,000 கடன், ரொக்கம். 269எஸ்எஸ் பிரிவு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்கிறது. மீறினால் 271டி-யில் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். விசாரணையில் 'அண்ணனிடம் கடன் வாங்கினேன்' என்று சொல்லும்போது ஒரு கதவை மூடி இன்னொன்றைத் திறக்கிறீர்கள். சரி, அப்படியானால் அன்பளிப்பு என்று மாற்றிச் சொல்லலாமா? கூடாது. அது பொய், அண்ணனின் கடிதத்துக்கும் முரண். போதாததற்கு ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் பெறுவதை 269எஸ்டி தடுக்கிறது, அன்பளிப்பானாலும்தான். அதற்கும் அதே அளவு அபராதம்.

உண்மையைச் சொல்லுங்கள், விளைவைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். ரொக்கமாக வாங்க நேர்ந்ததற்கு நியாயமான காரணம் இருந்தால் அபராதத்திலிருந்து விலக்குப் பெற 273பி-யில் இடமுண்டு. அந்தக் காரணத்தை, அதாவது கூரை ஒழுகியது, கொத்தனாருக்கு உடனே கொடுக்க வேண்டியிருந்தது போன்றதை, இப்போதே எழுத்தில் வைத்துவிட வேண்டும். இதை விசாரணைக்கு முன் ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். திரைக்கு முன்னால் யோசிக்க இடமில்லை.

மார்ச் 4 டெபாசிட்டைப் பற்றிக் கேட்கும்போது, 'இரண்டு ஆண்டில் எடுத்த தொகை பக்கம் 32 முதல் உள்ளது. குடும்பச் செலவு கணவர் கணக்கிலிருந்து நடந்தது பக்கம் 36-இல் உள்ளது. இதற்கு மேல் தனி ஆவணம் இல்லை, இந்த வரவு செலவை வைத்து நியாயமான அளவாவது ஏற்க வேண்டுகிறேன்' என்பதே நேர்மையான பதில். முழுதும் ஏற்காவிட்டாலும் ஒரு பகுதியை ஏற்கக்கூடும். ஒருவேளை இந்த 3,00,000 முழுதும் சேர்ந்தாலும் வரி 2,34,000. பத்தரை லட்சத்தோடு ஒப்பிட்டால் மற்ற நான்கு டெபாசிட்களைக் காப்பாற்றுவதுதான் அன்றைய முக்கிய வேலை என்பது புரியும். பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் வாதாட வேண்டாம்.

தெரியாத கேள்வி வந்தால் ஊகித்துச் சொல்லாதீர்கள். 'ஐ வில் வெரிஃபை அண்ட் சப்மிட் இன் ரைட்டிங், சார்' என்ற ஒரு வாக்கியம் போதும். கேள்வி காதில் சரியாக விழவில்லையென்றால் 'ஆம்' என்று தலையாட்டிவிடாமல் திரும்பக் கேளுங்கள். பேச்சுப் பதிவாகிறது. தப்பான ஒரு 'எஸ்' பின்னால் மேல்முறையீட்டிலும் துரத்தும். 'இந்த மூன்று லட்சத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?' என்று கேட்டால் உடனே பதில் வேண்டாம். 'ஆலோசித்து எழுத்தில் தெரிவிக்கிறேன்' என்று சொல்லலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது.

இணைப்பைத் துண்டிப்பதற்கு முன்னும், துண்டித்த பிறகும்

முடிக்கும் நேரத்தில் மறக்காமல் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: 'இன்று சொன்னவற்றை எழுத்தில் தர, பதில் ஏற்றும் வசதியைத் திறந்து வைக்க முடியுமா, எத்தனை நாள் தருவீர்கள்?' ஷோ காஸ் கெடு முடிந்ததும் போர்ட்டலில் பதில் போடும் வழி மூடிக்கொள்வது உண்டு. விசாரணையில் அதிகாரி ஒரு ஆவணம் கேட்டிருப்பார், நாம் தயாராக வைத்திருப்போம், ஏற்ற வழியிருக்காது. அந்த நிலையை இந்த ஒரு கேள்வி தவிர்க்கும். விசாரணையில் எழுந்த விஷயங்களுக்கு ஆவணம் தர நியாயமான அவகாசம் தரலாம் என்று நடைமுறையிலேயே இருக்கிறது.

அன்றே உட்கார்ந்து ஒன்றரைப் பக்கக் குறிப்பு எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடிந்தது, ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் என்ன சொன்னீர்கள், எந்தப் பக்கத்தைக் காட்டினீர்கள், அதிகாரி என்ன கேட்டார், அதற்கு என்ன தருவதாகச் சொன்னீர்கள் என்பதெல்லாம் அதில் வரட்டும். கேட்ட ஆவணங்களோடு சேர்த்து ஏற்றிவிடுங்கள். வாயால் சொன்னது கோப்பில் நிற்பது இந்தக் குறிப்பால்தான். நாளை மேல்முறையீட்டில் ஆணையர் பார்க்கப்போவது காணொளியை அல்ல, கோப்பைத்தான்.

ஆர்டர் வந்ததும் முதலில் பாருங்கள், விசாரணை நடந்ததும் நீங்கள் சொன்னதும் அதில் பதிவாகியிருக்கிறதா என்று. நீங்கள் கேட்டும் விசாரணையே தராமல் ஆர்டர் போட்டிருந்தால், அதுவே அந்த ஆர்டரை எதிர்க்க வலுவான காரணம். கேட்டவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஜனவரியில் பாரத் அலுமினியம் நிறுவனத்தின் வழக்கில் சொன்னது. கோரிக்கையை இரண்டு இடத்தில் பதிவு செய்யச் சொன்னது இதற்காகவும்தான். எதுவானாலும் ஆர்டர் கையில் கிடைத்த 30 நாளுக்குள் படிவம் 35-இல் ஆன்லைனில் மேல்முறையீடு செய்துவிட வேண்டும். அங்கும் ஃபேஸ்லெஸ் முறைதான், அங்கும் வீடியோ விசாரணை கேட்கலாம். இதே பக்க எண்களோடு இதே கோப்பைத்தான் அங்கேயும் திறப்பீர்கள்.